ஒரே சீசனில் முடிகிற கதை எது?

எந்த வெப் தொடரைப் பற்றிச் சொன்னாலும் எங்கள் அக்கா முதலில் கேட்பது ஒன்றுதான்: “கதை முடிஞ்சுதா, இல்ல இன்னும் இழுக்குமா?” எட்டு எபிசோட் கண்விழித்துப் பார்த்துவிட்டு அடுத்த சீசனுக்காக இரண்டு மூன்று வருடம் காத்திருப்பது அவளுக்குப் பிடிக்காது. அது வந்து சேரும்போது யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துபோயிருக்கும். எனக்கும் இதே மனநிலைதான். அதனால் ஒரே சீசனில் முடிகிற தொடர்களை இருவரும் சேர்ந்து தேட ஆரம்பித்தோம். தேடத் தொடங்கியதும் முதலில் புரிந்தது, ஒரே ஒரு சீசன்தான் இருக்கிறது என்ற தகவலை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது.

ஒரு சீசனோடு நிற்கும் தொடர்களில் சில, எழுதியவர் முற்றுப்புள்ளி வைத்ததால் நிற்கின்றன. சில, தயாரித்த நிறுவனம் பாதியில் கைவிட்டதால் நிற்கின்றன. இன்னும் சில, அடுத்த சீசன் இன்னும் வராததால் நிற்கின்றன. ஓடிடி திரையில் மூன்றுமே ஒரே மாதிரிதான் தெரியும்.

இரண்டு தொடர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ‘செர்னோபில்’ 2019இல் வந்தது, ஐந்தே எபிசோட். 1986 அணு உலை விபத்தில் தொடங்கி, அடுத்த வருடம் நடந்த நீதிமன்ற விசாரணையோடு முடிகிறது. ‘1899’ 2022 நவம்பரில் வந்தது, எட்டு எபிசோட். ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் போகும் கப்பலில் நடக்கும் மர்மக் கதை. ‘டார்க்’ தொடரை உருவாக்கிய பாரன் போ ஓடாரும் யான்ட்யே ஃப்ரீஸேயும் இதை மூன்று சீசன்களாகத் திட்டமிட்டிருந்தார்கள். 2023 ஜனவரி தொடக்கத்திலேயே, அதாவது வெளியான ஒன்றரை மாதத்தில், அடுத்த சீசன் இல்லை என்று அவர்களே அறிவிக்க வேண்டியதாயிற்று. எட்டாவது எபிசோட் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டு நிற்கிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது இனி திரையில் வரப்போவதில்லை.

இரண்டுக்கும் ஒரே சீசன்தான். வித்தியாசத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஐஎம்டிபி தளத்தில் தலைப்புக்குக் கீழே இருக்கும் சிறிய வரியைப் பார்த்தால் போதும். ‘செர்னோபில்’ பக்கத்தில் TV Mini Series என்று இருக்கும். ‘1899’ பக்கத்தில் TV Series என்றுதான் இருக்கும். அதையடுத்து வரும் வருடத்தையும் கவனியுங்கள். வருடத்துக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு 2022– என்பதுபோல் வெறுமையாக விட்டிருந்தால் தொடர் இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். கோடு இல்லாமல் ஒற்றை வருடம் இருந்து, கூடவே TV Series என்றும் இருந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். பல வருடம் ஓடுவதாகத் தொடங்கிய தொடர் ஒரே வருடத்தில் நின்றிருக்கிறது என்றால், பெரும்பாலும் அது வெட்டுப்பட்ட கதை. ஓடிடி தளங்கள் Limited Series என்று போடுவதும் TV Mini Series போன்ற ஒரு குறிப்புதான்.

இந்தச் சோதனை அமெரிக்க, ஐரோப்பியத் தொடர்களுக்கு நன்றாகப் பொருந்தும். கொரியத் தொடர்களில் தடுமாறும். அங்கே ஒரே சீசனில் முடிவதுதான் பல காலப் பழக்கம். வாரத்துக்கு இரண்டு எபிசோட், மொத்தம் பதினாறு, எட்டு வாரத்தில் கதை முடிந்துவிடும். பல தொடர்களை ஒரே எழுத்தாளர் முதலிலிருந்து கடைசிவரை எழுதுகிறார். ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ 2019 டிசம்பரில் தொடங்கி 2020 பிப்ரவரியில் பதினாறாவது எபிசோடோடு முடிந்தது. பார்க் ஜி-யுன் எழுதியது. ‘மை மிஸ்டர்’ தொடரும் அதே பதினாறுதான். ஐஎம்டிபியில் TV Series என்றே இருந்தாலும் இவை முழுமையான கதைகள். அக்காவைப் போன்றவர்களுக்குக் கொரியா ஒரு பெரிய பொக்கிஷம் என்றே சொல்வேன். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: சில புதிய தொடர்களை இரண்டு பகுதிகளாகப் பிரித்து வெளியிடுகிறார்கள். ‘தி குளோரி’ 2022 டிசம்பரில் எட்டு, 2023 மார்ச்சில் எட்டு என்று வந்தது. அதுபோன்ற தொடரென்றால் இரண்டாம் பகுதியும் வந்த பிறகு தொடங்குங்கள்.

குறிப்பைப் பார்ப்பதை விடவும் நம்பகமான வழி, கதை எங்கிருந்து வந்தது என்று கேட்பது. ஏற்கெனவே நடந்து முடிந்த சம்பவம் என்றால் கதைக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. டெல்லி உப்ஹார் திரையரங்கில் 1997இல் நடந்த தீவிபத்தைப் பற்றிய ‘ட்ரையல் பை ஃபயர்’, பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தம்பதி எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. போபால் விஷவாயு இரவைச் சொல்லும் ‘தி ரயில்வே மென்’ நான்கே எபிசோட். தனி நாவல் என்றாலும் அப்படித்தான். வால்டர் டெவிஸின் 1983 நாவலை ஏழு எபிசோடில் சொல்லி முடித்தது ‘தி குயின்ஸ் கேம்பிட்’. கடைசிப் பக்கம் ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதால், அந்தப் பக்கம் வரை போவதுதான் தொடரின் வேலை.

சீசன் எண்ணிக்கை அதிகம் என்று பயந்து சில நல்ல தொடர்களை ஒதுக்கிவிடவும் வேண்டாம். ‘ட்ரூ டிடெக்டிவ்’ தொடரில் ஒவ்வொரு சீசனும் புதிய ஊர், புதிய ஆட்கள், புதிய வழக்கு. 2014இல் வந்த முதல் சீசனின் எட்டு எபிசோடும் தனிக்கதை. நம் தமிழில் ‘சுழல்’ அப்படியல்ல. 2022இல் வந்த முதல் சீசன் அதன் முக்கியக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டாலும், அதன் கடைசி நிகழ்வுகளைப் பிடித்துக்கொண்டுதான் 2025இல் இரண்டாம் சீசன் தொடங்கியது.

வெட்டுப்பட்டதெல்லாம் குறை என்றும் இல்லை. 1999இல் தொடங்கி ஒரே சீசனில் நிறுத்தப்பட்ட ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ தொடரின் தயாரிப்பாளர்கள், நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து இறுதி எபிசோடை அதன் முறைக்கு முன்பே படமாக்கி வைத்தார்கள். பதினெட்டாவது எபிசோட் பார்த்து முடிக்கும்போது கதை கைவிடப்பட்டதாகத் தோன்றாது. இதைத் தெரிந்துகொள்ள விக்கிப்பீடியா பக்கத்தின் முதல் பத்தியைப் படித்தால் போதும். கதைச் சுருக்கப் பகுதிக்குக் கீழே இறங்கிவிட்டால் சஸ்பென்ஸ் போய்விடும்.

போன மாதம் அக்காவுக்கும் எனக்கும் ‘ஷோகன்’ மீதுதான் விவாதம். 2024இல் பத்து எபிசோடுகளோடு வந்தபோது அதைக் குறுந்தொடர் என்றே அறிவித்தார்கள். பெரிய வெற்றி பெற்றதும், மே மாதமே அடுத்த சீசன்களுக்கான வேலை தொடங்கியது. “பார்த்தியா, இழுக்கப் போறாங்க” என்று அக்கா ஒதுக்கிவைத்துவிட்டாள். ஜேம்ஸ் கிளாவெல் 1975இல் எழுதிய நாவல் முழுவதும் முதல் சீசனிலேயே முடிந்துவிடுகிறது, இனி வருவது நாவலுக்கு அப்பால் புதிதாக எழுதப்படும் கதை என்று சொன்னேன். ஒரு வாரம் கழித்துப் போன் செய்தாள். பத்தாவது எபிசோட் முடிந்திருந்தது. அடுத்த சீசன் எப்போது என்று அவள் கேட்கவில்லை. நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு கிடைக்குமா என்றுதான் கேட்டாள்.