புஷ்-அப் எத்தனை... 1.6 கி.மீ நடக்க எத்தனை நிமிடம்? வீட்டிலேயே ஃபிட்னெஸ் டெஸ்ட்!

ஜிம்முக்குப் போகாமலேயே நம் உடல் எந்த அளவுக்குத் தகுதியாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியுமா? முடியும். ஒரு ஸ்டாப்வாட்ச், நல்ல ஷூ, அளந்து வைத்த பாதை... இவை போதும்.

நடைப் பரிசோதனை

'ராக்போர்ட் டெஸ்ட்' எனப்படும் இதில் ஒரு மைல், அதாவது சுமார் 1.6 கி.மீ நடக்க வேண்டும். 400 மீட்டர் மைதானம் என்றால் நான்கு சுற்று. ஓடக் கூடாது, ஆனால், முடிந்தவரை வேகமாக நடக்க வேண்டும். கதை பேசியபடி நடந்தால் இந்தச் சோதனையால் பயனில்லை.

முடித்தவுடன் நேரத்தைக் குறித்துக்கொண்டு, மணிக்கட்டில் 15 விநாடிகள் நாடித்துடிப்பை எண்ணி, அதை நான்கால் பெருக்குங்கள். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு எண்ணினால், அதற்குள் துடிப்பு இறங்கியிருக்கும், கணக்கு தப்பாகிவிடும்.

எப்படிப் புரிந்துகொள்வது?

நேரம், துடிப்பு இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 42 வயதுப் பெண் ஒருவர் 17 நிமிடங்களில் நடந்து முடிக்கிறார், துடிப்பு 140 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதப் பயிற்சிக்குப் பிறகும் அதே 17 நிமிடங்கள்தான். ஆனால், துடிப்பு 120. 'முன்னேற்றமே இல்லை' என்று அவர் சோர்ந்துபோக வேண்டாம். அதே வேலையை இதயம் குறைந்த துடிப்பில் முடித்திருக்கிறது. ராக்போர்ட் கணக்கின்படி துடிப்பில் 20 குறைவது, நேரத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் குறைவதற்குச் சமம்.

ரத்த அழுத்தத்துக்கு 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மாத்திரையே துடிப்பைக் குறைத்துவிடுவதால், உண்மையைவிட நல்ல ரிசல்ட் வந்ததுபோலத் தெரியும்.

புஷ்-அப்

தலை முதல் குதிகால் வரை உடல் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். இடுப்பு தொங்க ஆரம்பித்தால், எண்ணுவதை அத்துடன் நிறுத்திவிடுங்கள். முழங்காலை ஊன்றிச் செய்பவர்கள் எப்போதும் அப்படியே செய்து, அந்த எண்ணிக்கையைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களைப் பத்தாண்டுகள் கவனித்து 2019-ல் வெளியான ஆய்வில், 40-க்கு மேல் புஷ்-அப் எடுத்தவர்களுக்கு, 10-க்கும் குறைவாக எடுத்தவர்களைவிட இதயநோய் பாதிப்பு மிகக் குறைவாக இருந்தது. ஆனால், ஆய்வில் இருந்த அனைவரும் ஆண்கள். உடலுழைப்பு மிகுந்த வேலையில் இருப்பவர்கள். அதனால் இந்த 40-ஐ வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் பாஸ் மார்க்காக வைக்க முடியாது. உங்கள் பழைய எண்ணிக்கையோடு ஒப்பிடுவதே சரி.

கவனிக்க...

ஒவ்வொரு முறையும் அதே பாதை, அதே நேரம், காபிக்கு முன் எனச் சூழலை மாற்றாதீர்கள். வெயில் ஏறினாலே துடிப்பு கூடிவிடும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை சோதித்தால் போதும். நெஞ்சுவலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். இதயநோய் உள்ளவர்கள், டாக்டரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.