ஒரே ஆணி, இரண்டு சிகிச்சை

நர்சிங் தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று ஏறத்தாழ இப்படி இருக்கும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் இரண்டு பேர், ஒரே பலகையில் நீட்டிக்கொண்டிருந்த துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டார்கள். இருவர் பாதத்திலும் ஆழமான, மண் படிந்த புண். முதலாமவருக்கு 26 வயது. குழந்தைப் பருவத்திலும் பள்ளியிலும் எல்லாத் தவணைகளையும் போட்டுக்கொண்டவர். கடைசி டெட்டனஸ் ஊசி 16 வயதில். இரண்டாமவருக்கு 58 வயது. ஊசி எதுவும் போட்டுக்கொண்டதாக அவருக்கு நினைவில்லை, அட்டையும் இல்லை. யாருக்கு என்ன தர வேண்டும்?

விடை: இருவருக்கும் முதலில் புண்ணை நன்றாகக் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு இளைஞருக்கு ஒரே ஒரு தடுப்பூசி போதும். பெரியவருக்குத் தடுப்பூசியோடு, டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின் 250 யூனிட்டும் தசையில் போட வேண்டும்; இரண்டுக்கும் வேறு வேறு சிரிஞ்சு, வேறு வேறு இடம். பட்டியலை மனப்பாடம் செய்தவர்களும் இதைச் சரியாக எழுதிவிடுவார்கள். ஆனால் கேள்வியில் ஒரு வரி மாறினால் தடுமாறுவார்கள். பிளஸ் டூ உயிரியலில் வரும் இரட்டை மேட்டு வரைபடத்தைப் புரிந்துகொண்டவருக்கு அந்தத் தடுமாற்றம் வராது. இந்த நர்சிங் கேள்வியும் அந்த வரைபடமும் கேட்பது ஒன்றைத்தான்: இந்த உடல் இந்தப் பொருளை முன்பே பார்த்திருக்கிறதா?

இரண்டு மேடுகள்

உடலுக்குள் வரும் அந்நியப் பொருள் எதிர்ப்பொருள் தூண்டி, அதாவது ஆன்டிஜென். அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்ய நம் உடல் செய்யும் புரதம் எதிர்ப்பொருள். வரைபடத்தின் கிடை அச்சில் நாட்கள். செங்குத்து அச்சில் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளின் அளவு.

ஆன்டிஜென் முதல் தடவை வரும்போது கோடு உடனே மேலே ஏறுவதில்லை. ஒரு வாரம் போலத் தரையோடு கிடக்கிறது. நம் உடலில் பி செல்கள் கோடிக்கணக்கில் இருந்தாலும், குறிப்பிட்ட ஓர் ஆன்டிஜெனுக்குப் பொருந்தும் ஏற்பி உள்ளவை மிகச் சிலவே. அந்தச் சில செல்கள் நிணநீர் முடிச்சில் ஆன்டிஜெனைச் சந்திக்க வேண்டும், உதவி டி செல்களிடமிருந்து குறிப்புப் பெற வேண்டும், பிறகு பிரிந்து பிரிந்து பெருக வேண்டும். அவற்றில் ஒரு பகுதி பிளாஸ்மா செல்களாக மாறி எதிர்ப்பொருளைச் சுரக்கும். முதலில் வருவது ஐஜிஎம் வகை, பிறகு ஐஜிஜி. கோடு சிறிய மேடாக உயர்ந்து சில வாரங்களில் இறங்கிவிடும். இதுதான் முதல்நிலைத் துலங்கல்.

கோடு இறங்கியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. பெருகிய செல்களில் ஒரு பகுதி நினைவாற்றல் செல்களாகத் தங்கிவிடுகிறது. இவை எண்ணிக்கையில் முன்பைவிட மிக அதிகம். எம் வகையிலிருந்து ஜி வகைக்கு ஏற்கெனவே மாறியவை பல. நிணநீர் முடிச்சில் நடக்கும் தேர்வில், ஆன்டிஜெனை இறுகப் பற்றும் செல்களே பெரும்பாலும் பிழைத்திருப்பதால், இவை செய்யும் எதிர்ப்பொருளின் பிடியும் வலுவானது. அதனால் அதே ஆன்டிஜென் மறுபடி வரும்போது கோடு சில நாட்களிலேயே கிளம்புகிறது, முதல் மேட்டைவிடப் பல மடங்கு உயர்கிறது, நீண்ட காலம் இறங்காமல் நிற்கிறது. இது இரண்டாம் நிலைத் துலங்கல்.

‘எதிர்ப்பொருள் நினைவில் வைத்துக்கொள்கிறது’ என்று விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் போகும். எதிர்ப்பொருள் வெறும் புரதம். புதிதாகச் சுரக்காவிட்டால், ஐஜிஜியின் அளவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ பாதியாகக் குறையும். நினைவு இருப்பது செல்களில்.

நச்சுக்கும் நாட்களுக்கும் நடக்கும் போட்டி

இப்போது ஆணிக்கு வருவோம். ரண ஜன்னி என்று நம் ஊரில் சொல்லப்படும் டெட்டனஸை உண்டாக்கும் பாக்டீரியா மண்ணிலும் சாணத்திலும் வித்துகளாகக் கிடக்கும். துரு அதற்குக் காரணமல்ல. மண்ணோடு ஆழமாகக் குத்தும் ஆணி, காற்று புகாத புண்ணை உண்டாக்குவதுதான் சிக்கல். ஆக்சிஜன் இல்லாத அந்த இடத்தில் வித்து முளைத்து நச்சைச் சுரக்கிறது. நச்சு நரம்பு முனையில் ஒட்டி, நரம்பு வழியாகவே தண்டுவடத்துக்குப் போய், தசையைத் தளரச் சொல்லும் சமிக்ஞைகளை நிறுத்திவிடுகிறது. தாடை இறுகுகிறது, முதுகு வில்லாக வளைகிறது. அறிகுறிகள் பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் தொடங்கும்.

நச்சு நரம்புக்குள் நுழைந்துவிட்டால் எந்த எதிர்ப்பொருளாலும் அதைத் தொட முடியாது. ஆகவே எதிர்ப்பொருள் அதற்கு முன்பே ரத்தத்திலும் திசுவிலும் காத்திருக்க வேண்டும்.

இளைஞரின் கணக்கு எளிது. அவருக்கு இது இரண்டாம் நிலைத் துலங்கல். ஊசி போட்ட சில நாட்களில் அவருடைய நினைவாற்றல் செல்கள் எதிர்ப்பொருளைக் கொட்டத் தொடங்கிவிடும். பழைய எதிர்ப்பொருளும் ஓரளவு மிச்சம் இருக்கும். அழுக்கான புண் என்றால் கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தாலும், சுத்தமான சிறு காயம் என்றால் 10 ஆண்டு கடந்திருந்தாலும் ஒரு ஊக்கத் தவணை போடுவது பொதுவான விதி. அவருக்குப் புண் அழுக்கு. 10 ஆண்டு ஆகிவிட்டது. எனவே ஒரு ஊசி.

பெரியவருக்கு இதே ஊசி முதல்நிலைத் துலங்கலைத்தான் தூண்டும். அந்தக் கோடு மெதுவாக ஏறும், தாழ்வாகவே நிற்கும். டெட்டனஸ் தடுப்பூசியில் முதல் தவணை மட்டும் பெரும்பாலோருக்குப் போதிய பாதுகாப்புத் தராது. நான்கு வாரம் கழித்துப் போடும் இரண்டாம் தவணைக்குப் பிறகே நம்பத்தக்க அளவு வரும். அதற்குள் நச்சு நரம்பைச் சேர்ந்துவிடலாம். எனவேதான் வேறு மனிதர்கள் ஏற்கெனவே தயாரித்த எதிர்ப்பொருளை இம்யூனோகுளோபுலினாக அவருக்குக் கடன் தருகிறோம். பாடநூல் இதை மந்தமான நோய்த்தடைகாப்பு என்கிறது. உடல் தானே உழைத்துப் பெறுவது செயலாக்க நோய்த்தடைகாப்பு.

கடன் கரைந்துபோகும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பாதி என்று வைத்தால், 12 வாரத்தில் நான்கு முறை பாதியாகி, போட்டதில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். இதனால் நினைவாற்றல் செல்லும் உருவாகாது. ஆகவே இம்யூனோகுளோபுலின் மட்டும் போட்டு அனுப்பினால் அடுத்த ஆண்டு இன்னொரு ஆணியில் அவர் பழைய நிலையில்தான் நிற்பார். கூடவே தடுப்பூசியும் போட்டு, நான்கு வாரம் கழித்து ஒன்று, பிறகு ஆறு மாதமாவது இடைவெளி விட்டு ஒன்று என்று முடித்தால்தான் அவர் இளைஞரின் நிலைக்கு வருவார். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால், கடன் வந்த எதிர்ப்பொருள் தடுப்பூசியின் ஆன்டிஜெனைப் பிடித்துக்கொள்ளும். உடல் அதைப் பார்க்க வாய்ப்பே குறையும். ஒரு கையில் ஒன்று, இன்னொரு கையில் மற்றொன்று என்பதன் காரணம் இதுதான்.

இந்த முறை புதிதல்ல. 1890இல் பெர்லினில் பேரிங்கும் கிட்டசாட்டோவும் டெட்டனஸ் நச்சுக்குப் பழக்கிய முயலின் சீரத்தை எலிகளுக்குச் செலுத்தி, அவை நச்சைத் தாங்குவதைக் காட்டினார்கள். அந்த எலிகள்தான் இன்றைய பெரியவரின் நிலை. அந்த முயல் இளைஞரின் நிலை.

கருவறையில் அதே வரைபடம்

கேள்வியில் ஆளை மாற்றிக் கர்ப்பிணி என்று வைப்பது தேர்வாளர்களின் வழக்கம். முதல் கர்ப்பத்தில் இரண்டு தவணை, நான்கு வார இடைவெளியில். மூன்று ஆண்டுக்குள் அடுத்த கர்ப்பம் என்றால் ஒரே ஊக்கத் தவணை. ஏன் இரண்டு, ஏன் ஒன்று என்பதை வரைபடமே சொல்லிவிடும். நம் நாட்டில் முன்பு டெட்டனஸுக்கு மட்டுமான ஊசி போடப்பட்டது; இப்போது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து ஒரே ஊசி.

தாயின் ரத்தத்தில் உயரும் ஐஜிஜி, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. ஐஜிஎம் உருவில் பெரியது, அதைக் கடத்தும் ஏற்பியும் அங்கே இல்லை, அது போகாது. இதிலிருந்து இரண்டு கேள்விகள் பிறக்கின்றன. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் ஒரு கிருமிக்கான ஐஜிஎம் இருந்தால் என்ன பொருள்? அது தாயிடமிருந்து வந்திருக்க முடியாது. குழந்தையே கருவில் அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது. தாய்க்கு ஊசி போட்டாயிற்றே, குழந்தைக்கு ஆறாவது வாரம் ஏன்? தாய் தந்தது கடன். குழந்தையின் செல்கள் இன்னும் எதையும் பார்க்கவில்லை.

வரைபடத்தில் உள்ள கண்ணிகள்

உயிரியல் தாளில் விரும்பிக் கேட்கப்படும் படம் ஒன்று உண்டு. முதல் நாள் ‘அ’ என்ற ஆன்டிஜென். 28ஆம் நாள் ‘அ’, ‘ஆ’ இரண்டும் சேர்த்து. 28க்குப் பிறகு இரண்டு கோடுகள்: ஒன்று செங்குத்தாக ஏறுகிறது, மற்றது மெதுவாக, தாழ்வாக. மெதுவான கோடு எதற்கு? ‘ஆ’வுக்கு. 28ஆம் நாள் வந்தது என்பதற்காக அது இரண்டாம் நிலை ஆகாது. அந்த உடலுக்கு ‘ஆ’ புதியது. நினைவு ஒவ்வோர் ஆன்டிஜெனுக்கும் தனித்தனி.

இன்னொன்று, செங்குத்து அச்சு. பல பாடநூல்களில் அது 1, 10, 100, 1000 என்று பத்துப் பத்து மடங்காகக் குறிக்கப்பட்டிருக்கும். கண்ணுக்கு இரண்டாம் மேடு முதல் மேட்டைப்போல இரண்டு மடங்காகத் தெரிந்தாலும், அளவில் நூறு மடங்காக இருக்கலாம். ‘எத்தனை மடங்கு’ என்று கேட்டால் ஸ்கேலால் அளக்காமல் அச்சில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும்.

கடைசியாக, நல்ல மாணவர்களையும் விழவைக்கும் கேள்வி. ஒருவர் டெட்டனஸ் வந்து, வாரக்கணக்கில் தீவிர சிகிச்சையில் இருந்து பிழைத்து எழுந்துவிட்டார். அவருக்கு இனித் தடுப்பூசி தேவையா? தட்டம்மை வந்து போனவருக்கு அந்த நோய் மறுபடி வருவது அரிது. அந்தப் பழக்கத்தில் ‘தேவையில்லை’ என்று எழுதத் தோன்றும். ஆனால் டெட்டனஸ் நச்சு ஆளைக் கொல்லும் அளவு, நோய்த்தடைகாப்பைத் தூண்டத் தேவையான அளவைவிட மிகக் குறைவு. உடல் எடையில் கிலோவுக்குச் சில நானோகிராம் போதும். உயிரைப் பறிக்கும் அளவே பி செல்கள் கண்டுகொள்ளும் அளவுக்குக் கீழே இருக்கிறது. நோயை முழுதாக அனுபவித்தும் அவருடைய வரைபடத்தில் முதல் மேடுகூட எழுந்திருக்காது. தடுப்பூசியில் இருப்பது ஃபார்மலினால் நச்சுத்தன்மை போக்கிய டாக்சாய்டு. அதனால் அதைப் பல மடங்கு அதிகமாகத் தர முடிகிறது. எனவே விடை: தேவை. நோயிலிருந்து தேறிவரும்போதே முதல் தவணையைத் தொடங்கி, மூன்றையும் முடிக்க வேண்டும்.