சமத்தில் வெட்டு, நடுவில் ஒட்டு

ஊர் நூலகத்தில் பழைய புகைப்படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தினோம். பின்னணியில் ஒலிக்க நண்பர் ஒருவர் கீபோர்டில் வாசித்துத் தந்த 45 விநாடி இசைத்துண்டு இருந்தது. அதைத் திரும்பத் திரும்ப ஓடும்படி கணினியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். வாசலருகே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அரை மணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏன் அடிக்கொரு தரம் இடறுது?" என்றார். அவர் அந்த இசையைக் கவனித்துக் கேட்கவில்லை. இடறலைத்தான் கேட்டார்.

பின்னணி இசையில் காது பிடிப்பது இந்த இடறலைத்தான். அதைப் போக்க நான் கற்றுக்கொண்ட வழியை, அதே இசைத்துண்டை வைத்தே சொல்கிறேன்.

இடறல் ஒன்றல்ல, மூன்று. முதலாவது 'டக்' என்ற சத்தம். ஒலியைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் நடுக்கோட்டுக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கும் ஓர் அலை தெரியும். ஸ்பீக்கரின் சவ்வு அந்த அலையைப் போலவே முன்னும் பின்னும் அசைகிறது. துண்டு முடியும்போது அலை மேலே இருந்து, தொடங்கும்போது கீழே இருந்தால், சவ்வு ஒரே கணத்தில் அங்கிருந்து இங்கே குதிக்க வேண்டும். அந்தக் குதிப்புதான் 'டக்'. இரண்டாவது, தாளம் தப்புவது. மூன்றாவது, தொங்கல் அறுபடுவது. கடைசியாக அடித்த ஸ்வரத்தின் ரீங்காரம் இன்னும் காற்றில் இருக்கும்போதே துண்டு முடிந்து, துடைத்துவிட்டாற்போல மறுபடி ஆரம்பமாகும்.

தாளத்திலிருந்து தொடங்குவோம். அந்த இசை ஆதி தாளத்தில், நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் அமைந்தது. கருவியே தாளத்தைப் போட்டதால் வேகம் மாறவில்லை. 60ஐ 90ஆல் வகுத்தால் ஓர் அடிக்கு 0.667 விநாடி. எட்டு அடி கொண்ட ஓர் ஆவர்த்தனம் 5.333 விநாடி, நான்கு ஆவர்த்தனம் 21.333 விநாடி. லூப்பின் நீளம் இப்படி முழு ஆவர்த்தனங்களாக இருந்தால்தான் கேட்பவரின் கால்விரல் போடும் தாளம் தப்பாது. முழு 45 விநாடியையும் அப்படியே ஓடவிட்டது என் முதல் பிழை. 45 விநாடியில் எட்டு ஆவர்த்தனம் போக இரண்டு விநாடிக்கு மேல் மிஞ்சுகிறது. போதாக்குறைக்குத் தொடக்கத்தில் ஒலி மெல்ல ஏறுகிறது, முடிவில் மெல்ல அடங்குகிறது. ஏறும் பகுதியும் அடங்கும் பகுதியும் லூப்புக்கு உதவா.

ஆகவே நடுவிலிருந்து எடுக்க வேண்டும். அதில் இன்னொரு நன்மையும் உண்டு. நடுவில் உள்ள எந்த ஆவர்த்தனத்தின் தொடக்கத்திலும் அதற்கு முந்தைய ஆவர்த்தனத்தின் ரீங்காரம் ஏற்கெனவே கலந்திருக்கும். இரண்டு ஆவர்த்தனங்களும் ஒரே ஸ்வரத்தில் முடிந்தால், தொங்கல் அறுபடும் பிரச்சினை பாதி தீர்ந்துவிடுகிறது.

இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து பார்த்தேன். இரண்டாவது ஆவர்த்தனத்தின் சமம், அதாவது முதல் அடி, 6.120 விநாடியில் செங்குத்தாக எழுந்து நின்றது. நான்கு ஆவர்த்தனம் தள்ளி அடுத்த சமம் 27.453இல். அடி விழும் இடத்திலேயே வெட்டக் கூடாது. அடிக்குச் சற்று முன்னால், முந்தைய ஒலி தணிந்திருக்கும் இடத்தில் வெட்ட வேண்டும். நான் 6.080இல் தொடங்கினேன். லூப்பின் நீளமான 21.333ஐக் கூட்டினால் 27.413. அதோடு ஒட்டுவதற்காக 0.030 விநாடி கூடுதலாக விட்டு 27.443 வரை எடுத்தேன். துணி வெட்டுகிறவர் தையலுக்கென்று ஓர் ஓரம் விடுவாரே, அது போல. இரண்டு முனையிலும் இந்த ஓரம், அடி விழுவதற்கு நூறில் ஒரு பங்கு விநாடி முன்பாகவே முடிந்துவிடுகிறது. ஓரம் அடியின் மேல் ஏறியிருந்தால் ஒரே அடி இரண்டு தடவை, மயிரிழை இடைவெளியில் விழுந்து 'தத்' என்று கேட்கும்.

இப்போது 'டக்' சத்தத்துக்கு வருவோம். ஆடாசிட்டியில் `Z` விசையை அழுத்தினால், தேர்ந்தெடுத்த பகுதியின் இரு முனைகளும் அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளிக்கு நகரும். பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் ஸ்டீரியோவில் இடது அலை கோட்டைக் கடக்கும் இடத்தில் வலது அலை கடக்க வேண்டுமென்பதில்லை. கடந்தாலும், ஒரு முனையில் அலை மேல்நோக்கியும் மறுமுனையில் கீழ்நோக்கியும் போனால் ஒலி ஒடிந்துதான் கேட்கும். அதனால்தான் கிராஸ்ஃபேட் தேவை. ஒன்று தேயத் தேய மற்றொன்று வளர்ந்து, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் முறை அது.

காந்த நாடாக் காலத்திலேயே இது இருந்தது. ஒலி நாடாவை வெட்டி ஒட்டியவர்கள் நேராக வெட்டாமல் 45 பாகையில் சாய்த்து வெட்டினார்கள். கால் அங்குல அகல நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடினால், அந்தச் சாய்வு ஒலியைப் படிக்கும் தலையைக் கடக்க அறுபதில் ஒரு பங்கு விநாடி ஆகும். அந்தச் சிறு பொழுதில் பழைய ஒலி தேய்ந்து புதிய ஒலி வளர்ந்துவிடும். பிளேடின் சாய்வே கிராஸ்ஃபேட்.

ஆனால் லூப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒட்ட வேண்டிய இரண்டு முனைகளும் கோப்பின் எதிரெதிர்க் கோடிகளில் இருக்கின்றன. முடிவைத் தேய்த்து, தொடக்கத்தை வளர்த்து வைத்தால் போதும் என்று நான் முதலில் நினைத்தேன். அப்படிச் செய்தால் 'டக்' போய்விடும், ஆனால் அந்த இடத்தில் ஒலி ஒரு குழியில் விழுந்து எழும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியவே இல்லையே!

இதற்கான உபாயம் எளிது. துண்டை நடுவில் வெட்டி, பாதிகளை இடம் மாற்ற வேண்டும். நான் 16.000 விநாடியில் வெட்டினேன். பின்பாதி 11.443 விநாடி, முன்பாதி 9.920 விநாடி. பின்பாதியை முதல் தடத்தில் 0விலிருந்து வைத்தேன். இரண்டாம் தடத்தில் `Generate > Silence` மூலம் 11.413 விநாடி மௌனம் போட்டு, அதன் முடிவில் முன்பாதியை ஒட்டினேன். இப்போது 11.413 முதல் 11.443 வரை இரண்டும் மேலும் கீழுமாகப் படிந்து நிற்கின்றன. அந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடத்திலும் தேர்ந்தெடுத்து `Crossfade Tracks` கொடுத்தேன். மேல்தடம் தேயவும் கீழ்த்தடம் வளரவும் வேண்டும். பிறகு இரண்டையும் `Mix and Render` மூலம் ஒன்றாக்கினேன். மொத்த நீளம் 21.333 விநாடி.

இதில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒட்டு இப்போது கோப்பின் நடுவில் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம், சரியில்லை என்றால் திருத்தலாம். கோப்பு முடியும் இடமோ 16.000. அது தொடங்கும் இடமும் 16.000. மூல இசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவையே இப்போது முடிவாகவும் தொடக்கமாகவும் ஆகிவிட்டன. அங்கே ஒட்டே இல்லை. லூப் சமத்தில்தான் தொடங்க வேண்டுமென்றால், சமத்துக்குச் சற்று முன்னால் மறுபடி வெட்டிப் பாதிகளை இடம் மாற்றலாம். வட்டமாகிவிட்டதால் அதற்கு இன்னொரு கிராஸ்ஃபேட் வேண்டியதில்லை.

தாள அடி உள்ள இசைக்கு 0.030 விநாடி போதும். தம்பூரா போன்ற தொடர் ரீங்காரத்துக்கு இரண்டு மூன்று விநாடி வேண்டும். அப்போது எந்த வகைத் தேய்வு என்பதும் காதில் தெரியும். `Constant Gain` நேர்கோடாகத் தேய்க்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஒலிகளை, உதாரணமாக மழை இரைச்சலையோ பல வயலின்கள் சேர்ந்த ஒலியையோ, இப்படிச் சேர்த்தால் நடுவில் ஒலி 3 டெசிபல் தாழும். அதற்கு `Constant Power` வகை ஏற்றது. ஒரே மாதிரி அசையும் இரண்டு அலைகளுக்கு அதையே போட்டால் நடுவில் 3 டெசிபல் உப்பிவிடும். அங்கே `Constant Gain`தான் சரி.

தம்பூராவில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒரு கட்டைச் சுருதியில் ஷட்ஜம் நொடிக்கு ஏறத்தாழ 131 முறை அதிர்கிறது. ஒரு அதிர்வுக்கு 7.6 மில்லிவிநாடி. படியும் இடத்தில் ஓர் அலை ஏறும்போது மற்றொன்று இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஷட்ஜம் உள்ளொடுங்கிப்போய், ஒலி குழாய்க்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். கீழ்த்தடத்தை அரை அதிர்வு, அதாவது சுமார் 4 மில்லிவிநாடி நகர்த்தினால் அந்த ஷட்ஜம் திரும்பி வரும். தம்பூராவில் தாளம் இல்லாததால் இந்த நகர்வு யாருக்கும் தெரியாது.

இத்தனையும் செய்த பிறகு நான் கோப்பை எம்பி3 ஆகச் சேமித்தேன். இடறல் திரும்பி வந்தது. எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் கொண்ட கட்டுகளாகவே அடுக்கும். நொடிக்கு 44,100 சாம்பிள் வீதம் என் லூப் 9,40,800 சாம்பிள். அது 816 முழுக் கட்டும் 768 சாம்பிளும் ஆகிறது. கடைசிக் கட்டை நிரப்ப 384 சாம்பிள் மௌனம் சேரும். தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேரும். சில பிளேயர்கள் இந்த மௌனத்தை அறிந்து நீக்கும், பல நீக்குவதில்லை. வேவ் அல்லது ஓக் வார்பிஸ் கோப்பில் இந்தத் தொல்லை கிடையாது. என் லூப் வேவ் வடிவில் நான்கு எம்பிக்கும் குறைவுதான்.

மனிதர் கையால் தாளம் போட்ட இசையில் கணக்கு கைகொடுக்காது. ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் வேகம் கொஞ்சம் ஏறும். அங்கே சமத்திலிருந்து சமம் வரை அலையைப் பார்த்தே அளக்க வேண்டும். நான்கு ஆவர்த்தனத்துக்குள் வேகம் வெகுவாக ஏறியிருந்தால், ஒட்டில் தாளம் திடீரென்று தளரும். எந்தக் கிராஸ்ஃபேடும் அதை மறைக்காது. இரண்டு ஆவர்த்தனம் மட்டும் எடுப்பதே வழி.

ஒட்டே தெரியாமல் செய்தாலும் லூப்பைக் காட்டிக்கொடுப்பது ஒன்று உண்டு. என் துண்டின் மூன்றாவது ஆவர்த்தனத்தில் நண்பர் ஓர் அழகான கமகம் வாசித்திருந்தார். பத்து நிமிடத்தில் அது 28 முறை வரும். அதுவே மணி அடித்ததுபோல ஆகிவிடும். பின்னணிக்கு வேண்டியது, நினைவில் நிற்கும் எதுவும் இல்லாத பகுதி. மனமில்லாமல் வேறு நான்கு ஆவர்த்தனங்களைத் தேர்ந்து முதலிலிருந்து செய்தேன்.

சோதிக்க ஒரே வழிதான். திரையைப் பார்த்துக்கொண்டு கேட்டால் கண் ஒட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். லூப்பை ஓடவிட்டு, வேறு வேலையில் கையை வைத்து, கைவிரலால் தாளம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே பிழை இருக்கிறது. மறுநாள் புதிய லூப்பை ஓடவிட்டேன். பெரியவர் அதே நாற்காலியில், செய்தித்தாளை விரித்தபடி, முழங்காலில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மாலை வரை என்னைக் கூப்பிடவில்லை.