பார்ப்பவர் எந்தப் பக்கம் திரும்புவார்?

கல்லூரியைச் சுற்றிக் காட்டும் 360 டிகிரி வீடியோக்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "உங்கள் வலப்பக்கம் தெரிவது நூலகம்." அதைக் கேட்கும் மாணவி அதற்குள் போனைத் திருப்பி, பின்னால் நிற்கும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய வலப்பக்கத்தில் இருப்பது சைக்கிள் ஸ்டாண்டு. குரல் சொன்னதும் கண் கண்டதும் பொருந்தாமல் போனால், அதன்பிறகு அவள் குரலைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சாதாரண வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது சுலபம். தாளை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் குரல் என்று எழுதிக்கொண்டே போகலாம். இங்கே காட்சி என்ற பத்தியே நம் கையில் இல்லை. என்ன தெரிகிறது என்பதைப் பார்ப்பவர் முடிவு செய்கிறார். அதனால் பலரும் கடிகார முகத்தை வரைந்துகொண்டு எழுதுகிறார்கள். கேமராவின் முன்பக்கம் 12 மணி, வலம் 3, பின்பக்கம் 6, இடம் 9. ஒவ்வொரு காட்சியிலும் எந்த மணியில் என்ன இருக்கிறது, எந்த நொடியில் அங்கே என்ன நடக்கிறது என்று குறிப்பார்கள். இந்த எண்கள் படப்பிடிப்புக் குழுவுக்கு மட்டும்தான். குரலில் அவை வரக்கூடாது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸை எடுத்துக்கொள்வோம். ராபர்ட் சிஸ்ஹோம் வடிவமைத்து, 1874இல் தொடங்கி 1879இல் கட்டி முடிந்த சேப்பாக்கத்துக் கட்டடம். உள்ளே உயரமான பெரிய மண்டபம், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், வேலைப்பாடு மிகுந்த கூரை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்க்க ஏதாவது இருக்கும் என்பதால் 360 டிகிரிக்கு ஏற்ற இடம். ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்குத் தலைவலியும் அதனால்தான்.

கேமராவை மண்டபத்தின் நட்டநடுவில் வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அங்கே வைத்தால் எல்லாமே தூரமாகிவிடும். 5.7கே கேமரா என்றால் படத்தின் அகலம் 5760 புள்ளிகள். அது சுற்றுவட்டம் முழுவதற்கும். பார்ப்பவரின் திரையில் ஒரு நேரத்தில் தெரிவது ஏறக்குறைய கால்வட்டம், அதாவது 1440 புள்ளிகள். தூரத்துச் சுவரில் இருக்கும் கல்வெட்டின் எழுத்து இதில் கரைந்துபோகும். ஆகவே ஒரு தூணுக்குப் பக்கமாக, நிற்பவரின் கண் உயரத்தில் கேமராவை நிறுத்தி, முக்கியமானவை இரண்டு மூன்று மீட்டருக்குள் வரும்படி எழுதுவது நல்லது. கல்வெட்டில் உள்ளதைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் குரல்தான் படிக்கவேண்டும்.

இந்த மண்டபத்துக்கான ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

0:00–0:12. குரல் இல்லை. மண்டபத்தின் இயல்பான ஓசை மட்டும்.
0:12. 6 மணியில் காலடிச் சத்தம். புத்தகப் பையோடு ஒரு மாணவி தூணுக்குப் பின்னாலிருந்து வருகிறாள்.
0:16–0:24. கேமராவிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, 3 மணி நோக்கி நடக்கிறாள். ஜன்னல் முன் நின்று அண்ணாந்து பார்க்கிறாள்.
0:24. குரல்: "தலைக்கு மேலே பாருங்கள். இந்தக் கூரைக்கு வயது நூற்று நாற்பதுக்கு மேல்."
0:40. காட்சி முடிவு.

முதல் பன்னிரண்டு நொடியை வீண் என்று நினைத்து வெட்டச் சொல்லாத நிர்வாகி அபூர்வம். புது இடத்துக்குள் வந்தவர் முதலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். அப்போது சொல்வது எதுவும் மண்டையில் ஏறாது. அவர் சுற்றி முடித்த பிறகுதான் குரலுக்கு வேலை.

அந்தக் குரல் "தலைக்கு மேலே" என்கிறது, கவனியுங்கள். எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் மேலும் கீழும் எல்லோருக்கும் ஒன்றுதான். இடமும் வலமும் அப்படியல்ல. பக்கவாட்டில் எதையாவது காட்ட வேண்டுமானால் அடையாளம் சொல்லலாம்: "மாணவி நிற்கும் ஜன்னலுக்குக் கீழே." அவளைத் தேடிப் பிடிப்பவர் ஜன்னலையும் பிடித்துவிடுவார்.

காலடிச் சத்தம் பின்னாலிருந்து வருவதாகக் கேட்க, திசையோடு ஒலியைப் பதியும் மைக் வேண்டும். கேட்பவர் திரும்பும்போது அந்த ஓசையும் இடம் மாறிக் கேட்கும். குரல் மட்டும் எப்போதும் ஒரே மாதிரி, இரண்டு காதிலும் சமமாக ஒலிக்கும். ஹெட்போன் இல்லாமல் போன் ஸ்பீக்கரில் கேட்பவருக்கு இந்த நயம் எட்டாது. அதனால்தான் ஓசையோடு மாணவியின் நடையும் சேர்கிறது. ஓரக்கண்ணில் பட்ட அசைவு தலையைத் திருப்பவைக்கும்.

"இரண்டு மீட்டர் தள்ளி" என்பதற்கும் காரணம் உண்டு. இத்தகைய கேமராக்கள் பெரும்பாலானவற்றில் முன்னும் பின்னுமாக இரண்டு லென்ஸ். இரண்டு படமும் ஒட்டும் தையல் 3 மணியிலும் 9 மணியிலும் விழும். அந்த இடத்தை ஒரு மீட்டருக்குள் நெருங்கிக் கடக்கிறவரின் தோள் வெட்டுப்படும், அல்லது கை இரட்டையாகும். தூண் நேர்கோடாக இல்லாமல் நடுவில் விலகித் தெரிந்தாலும் தையல் கோளாறுதான். ஸ்கிரிப்டிலேயே தூரத்தை எழுதிவிட்டால் இதைத் தவிர்க்கலாம். படப்பிடிப்பு முடிந்தபின் கண்டுபிடித்தால் மறுபடி எடுப்பதைத் தவிரப் பெரிதாக வழியில்லை.

எல்லாப் பக்கமும் தெரிவதால் விளக்குகளையும் ஒளித்துவைக்க முடியாது. வண்ணக் கண்ணாடி பளிச்சென்று தெரியும்படி எடுத்தால் மண்டபம் இருண்டுபோகும். மண்டபம் தெரியும்படி எடுத்தால் கண்ணாடி வெளுத்துப்போகும். வெயில் நேராக விழாத நேரத்தைத் தாளிலேயே குறித்துவிடுவது உத்தமம். மூலையில் கிடக்கும் தண்ணீர் கேன், சுவரொட்டி, இயக்குநர் எல்லாமே படத்தில் வரும். இயக்குநர் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போனில் கேமராவை இயக்க வேண்டியதுதான்.

அடுத்த காட்சிக்கு மாறும் இடம்தான் ஸ்கிரிப்டின் உண்மையான சோதனை. 0:40இல் பெரும்பாலோர் 3 மணிப் பக்கம், மாணவியையோ அவளுக்கு மேலே கூரையையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்தது வெளியிலிருந்து எடுத்த காட்சி. முக்கியமானது கட்டடத்தின் மூலைக் கோபுரம். அதை 12 மணியில் வைத்தால், வெட்டு விழுந்ததும் பார்ப்பவர் எதிரே வெறும் சுற்றுச்சுவர் நிற்கும். ஆகவே எடிட்டிங்கில் அந்தக் காட்சியையே சுழற்றி, கோபுரத்தை 3 மணிக்குக் கொண்டுவர வேண்டும். கண் எங்கே இருக்கும் என்று ஊகித்து அங்கே அடுத்ததை வைக்கும் இந்த முறையைப் பற்றி, கூகுளில் பணிபுரிந்த ஜெசிகா பிரில்ஹார்ட் விரிவாக எழுதியிருக்கிறார்.

ஊகம் சரியா என்று பார்க்க வழி உண்டு. படப்பிடிப்புக்கு முன்பே ஒருவரை அதே இடத்தில் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, ஒருவர் நடக்க, ஒருவர் குரலைப் படித்தால் போதும். யூடியூபும் 2017இல் இத்தகைய வீடியோக்களுக்கு, பார்வை எங்கே குவிகிறது என்று காட்டும் வண்ண வரைபடத்தைக் கொண்டுவந்தது. பார்க்கும் நேரத்தில் 75 சதவீதம் முன்பக்கத்து 90 டிகிரிக்குள்ளேயே கழிகிறது என்று அப்போது சொன்னார்கள். இதைக் கேட்டு எல்லாவற்றையும் முன்னால் அடுக்கிவைத்தால் சாதாரண வீடியோவே போதுமே என்று கேட்கத் தோன்றும். என் கணக்கு வேறு: விடுதிக் கட்டணம், சேர்க்கை விவரம் போன்ற தெரிந்தே ஆகவேண்டியவை குரலில் இருக்கட்டும், பின்னால் திரும்புகிறவருக்கு அங்கே ஒரு காட்சி காத்திருக்கட்டும். அதைத் தவறவிட்டவருக்கு நஷ்டம் எதுவும் இருக்கக்கூடாது.

காது கேளாத மாணவர்களுக்குக் காலடிச் சத்தம் உதவாது. திரையோடு சேர்ந்தே நகரும் எழுத்துகளாகக் குரலைக் காட்டும்போது, 0:12இல் "பின்னால் யாரோ வருகிறார்கள்" என்ற வரியையும் ஓர் அம்புக்குறியையும் சேர்க்கவேண்டும். திரும்பும் திசைக்கேற்ப அந்த அம்பும் மாறவேண்டும். எல்லாப் பிளேயரிலும் அது நடக்காது. நடக்காத இடத்தில் மாணவியை 6 மணிக்குப் பதில் 2 மணியிலிருந்து நடக்கவைத்து, அந்தப் பக்கத்தை மாற்றி எழுதுவதே வழி.