பணி நிறைவு விழாவில் ஏற்புரை: ஏழு நிமிடத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது?

“அப்பாவுக்கு இந்த மாசம் 30-ம் தேதியோட சர்வீஸ் முடியுது. ஃபங்ஷன்ல பேசணுமாம். ஏதாவது எழுதிக் கொடுன்னு என்கிட்ட நீட்டிட்டார்.” அரசு ஊழியர் இருக்கும் வீடுகளில் மகளோ மகனோ ஒருநாள் இந்த வேலையில் மாட்டிக்கொள்வது வழக்கம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியில் ஓய்வு வயது இப்போது 60. அந்த வயது நிறைவடையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் பணி முடிகிறது. ஒன்றாம் தேதி பிறந்தவர் என்றால் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே முடிந்துவிடும். ஆக, வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே பிறந்த தேதியை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். ஓய்வு வயது 58, 59, 60 என்று உயர்ந்தபோது மட்டும் கணக்கு கொஞ்சம் தள்ளிப்போனது. அப்படியிருந்தும் ஏற்புரை எழுதப்படுவது பெரும்பாலும் முந்தைய நாள் இரவு 11 மணிக்குத்தான்.

எப்போது பேசுகிறார் என்பதுதான் முதல் கேள்வி

பணி நிறைவு பாராட்டு விழா பொதுவாக இப்படிப் போகும்: தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, பிறகு வரிசையாக வாழ்த்துரைகள், பொன்னாடைகள், நினைவுப் பரிசு. அதன்பின் ஏற்புரை, நன்றியுரை, நாட்டுப்பண், சாப்பாடு. விழா நாயகர் மைக்கைப் பிடிக்கும்போது பத்துப் பேராவது பேசி முடித்திருப்பார்கள். பின்வரிசையில் குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்திருக்கும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதனால்தான் ஏழு நிமிடம் என்கிறேன். மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் 80 முதல் 90 சொற்கள் வரும். ஏழு நிமிடத்துக்கு 600 சொற்கள், கையெழுத்தில் ஏறத்தாழ மூன்று பக்கம். நான்காவது பக்கத்துக்குப் போனால் வெட்ட வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனை அலுவலரை எடுத்துக்கொண்டு உரையைக் கட்டிப் பார்ப்போம். நாகப்பட்டினம் மாவட்ட வருவாய்த்துறையில் 1991-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர். உதவியாளராகி, பிறகு துணை வட்டாட்சியரானவர். 1965 ஜூனில் பிறந்ததால் 2025 ஜூன் 30-ல் பணி நிறைவு. மொத்தம் 34 ஆண்டுகள்.

பெயர்ப் பட்டியலில் தொலையும் இரண்டு நிமிடம்

ஏழு நிமிடத்தில் முதல் அரை நிமிடம் விளிப்புக்கு. நிறைய ஏற்புரைகள் வழுக்கி விழுவது இங்கேதான். “விழாவுக்குத் தலைமை தாங்கும் மதிப்பிற்குரிய...” என்று ஆரம்பித்து மேடையில் இருக்கும் ஒவ்வொருவரையும் பதவியோடு சொல்வார்கள். ஒரு பெயருக்கும் பதவிக்கும் ஐந்து நொடி என்றால், 20 பேருக்கு 100 நொடி போய்விடும். போதாக்குறைக்கு, இதே பட்டியலை முன்னால் பேசிய எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

தலைமை வகிப்பவர் ஒருவரை மட்டும் பெயரும் பதவியுமாகச் சொன்னால் போதும். “மேடையிலும் எதிரிலும் அமர்ந்திருக்கும் என் அலுவலக உறவுகளே, என் குடும்பத்தாரே, வணக்கம்” என்று அடுத்த வரிக்குப் போய்விடலாம். இரண்டு பெயரைச் சொல்லி மூன்றாவதை விட்டால்தான் வருத்தம் வரும். ஒருவரோடு நிறுத்திவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அடுத்த ஒரு நிமிடம், வேலையில் சேர்ந்த நாள். இங்கே பணிப்பதிவேட்டைத் திறக்கக் கூடாது. எந்த ஆண்டு எந்தத் தாலுகா, எப்போது பதவி உயர்வு என்பதையெல்லாம் வரவேற்புரையிலேயே வாசித்துவிடுவார்கள். ஏற்புரையில் அது மறுபடி வந்தால் கூட்டம் போனை எடுத்துவிடும். கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு காட்சி இருந்தால் போதும்:

“தஞ்சாவூரிலிருந்து நாகை தனி மாவட்டமாகப் பிரிந்த வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு முதல் நாள் நாற்காலி இல்லை. ரெக்கார்டு ரூமில் கட்டி வைத்திருந்த பழைய பதிவேடுகள் மேல்தான் உட்கார்ந்தேன். ‘எழுந்திருப்பா, அது இந்த ஊரோட நிலம்’ என்றார் தலைமை எழுத்தர். எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி அதுதான்.”

சிரிப்பு வரும். இறுக்கமும் தளரும்.

நடுவில் ஒரே ஒரு சம்பவம்

ஏற்புரையின் உடல் இதுதான். இரண்டரை நிமிடம் கொடுங்கள். 34 ஆண்டில் எத்தனையோ நடந்திருக்கும், அவற்றில் ஒன்று மட்டும் வேண்டும். எப்படித் தேர்ந்தெடுப்பது? “உங்க சாதனை என்னப்பா?” என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார். “ஆபீஸ் விஷயத்துல எந்த நாள் உங்களுக்குத் தூக்கம் வரலை?” என்று கேட்டுப் பாருங்கள். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, காபியைக் கொடுத்துக் கேளுங்கள். அவர் சொல்கிற வார்த்தைகளை அப்படியே எழுதினால்தான் மேடையில் அவர் வாய்க்கு வரும். நீங்கள் அலங்காரமாக எழுதியதை அவர் தடுமாறித்தான் படிப்பார்.

நம் துணை வட்டாட்சியர் சொல்லக்கூடிய சம்பவத்தின் கரு இது:

“2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்த அன்று என்னிடம் இருந்தது ஒரு பள்ளிக்கூட நோட்டு. ரேஷன் கார்டெல்லாம் கடலோடு போய்விட்டது. வரிசையில் நின்றவர்களிடம் பெயர், தெரு கேட்டு எழுதினேன். ஒரு பெரியவர் தன் பெயரைச் சொல்லிவிட்டு, ‘தம்பி, என் சம்சாரம் பேரையும் எழுதிக்க’ என்றார். ‘எங்கே இருக்காங்க ஐயா?’ என்றேன். கடல் பக்கம் கையைக் காட்டினார். நான் எழுதினேன். அந்த நோட்டில் ஒரு பெயரைக்கூட எழுத்துப் பிழையோடு எழுதிவிடக் கூடாது என்று அன்றைக்கு இரவு முழுக்க உட்கார்ந்து சரிபார்த்தேன்.”

இதில் ‘சேவை’, ‘அர்ப்பணிப்பு’ போன்ற வார்த்தைகள் எதுவுமே இல்லை, கவனித்தீர்களா? பெரியவரின் பெயரும் இல்லை. மனு கொடுத்தவர், உதவித்தொகை வாங்கியவர், வழக்கில் சிக்கியவர் என யாரையும் அடையாளம் தெரிகிற மாதிரி மேடையில் சொல்லக் கூடாது. சர்வீஸ் முடிந்தாலும், கோப்பில் படித்தது கோப்போடுதான் இருக்க வேண்டும். விழா முடிவதற்குள் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தடைபட்ட பதவி உயர்வு, தண்டனையாக வந்த இடமாறுதல், தணிக்கையில் கிளம்பிய ஆட்சேபணை ஆகியவற்றுக்கும் இது மேடை இல்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் சம்பந்தப்பட்ட மேலதிகாரி எதிரில் உட்கார்ந்திருந்தால், அந்த ஒரு வரிதான் மறுநாள் அலுவலகத்தில் பேசப்படும். நோட்டுப் பெரியவரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அப்பா அதைச் சொல்லியே தீருவேன் என்றால், முதலில் வீட்டில் உங்களிடம் முழுசாகச் சொல்லி முடிக்கட்டும். பாதி பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

நன்றியில் யார் பெயர் வர வேண்டும்?

அலுவலகத்துக்கு நன்றி சொல்ல ஒன்றரை நிமிடம். மேலதிகாரிகளுக்கு ஒரே வாக்கியத்தில் பொதுவாகச் சொல்லிவிடலாம். பெயர் சொல்ல வேண்டியது மற்றவர்களுக்கு: அலுவலக உதவியாளர், ஓட்டுநர், இரவுக் காவலர், தூய்மைப் பணியாளர். மற்ற உரைகளில் இவர்கள் பெயர் அநேகமாக வந்திருக்காது. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணமும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “வெள்ளத்தன்று ராத்திரி ரெண்டு மணிக்கு ஜீப்பை எடுத்த ஓட்டுநர் தம்பி” என்றால் அந்தத் தம்பி அதை ஆயுசுக்கும் மறக்க மாட்டார். இந்தப் பெயர்களை முந்தைய நாளே பிரிவு எழுத்தரிடம் கேட்டு, இனிஷியலோடு சரிபார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மேடையில் நினைவிலிருந்து சொல்லப் போனால் ஒருவர் கட்டாயம் விடுபடுவார்.

குடும்பம் ஏன் கடைசிக்கு முன்னால்?

குரல் உடைகிற இடம் இது. சிலர் ஆரம்பத்திலேயே மனைவியைப் பற்றிப் பேசப் போய், தொண்டை அடைத்து, மீதி இரண்டு பக்கத்தைப் படிக்காமலே உட்கார்ந்துவிடுவார்கள். அலுவலக நன்றி எல்லாம் முடிந்த பிறகு, ஆறாவது நிமிடத்தில் வீட்டுக்கு வந்தால் அந்த ஆபத்து இல்லை. அழுகை வந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. மைக் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். ஒரு மிடறு குடிக்கிற நேரத்தில் குரல் திரும்பிவிடும்.

இங்கேயும் பொதுவான பாராட்டு வேண்டாம். “என் வெற்றிக்குப் பின்னால் இருப்பவர்” என்பதைவிட, “தேர்தல், ஜமாபந்தி, வெள்ளம் என்று நான் ஆபீஸிலேயே கிடந்தேன். பிள்ளைகளின் ஆண்டு விழா எதற்கும் போனதில்லை. ரெண்டு நாற்காலியிலும் அவங்க ஒருத்தர்தான் உட்கார்ந்திருந்தாங்க” என்பது அம்மாவுக்குப் போய்ச் சேரும். அந்த வரியை அப்பாவே சொல்லட்டும். நீங்கள் எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முடிப்பதற்கு அரை நிமிடம். வருவாய்த்துறைக்காரருக்கு ஜூன் 30 வாகாக அமைந்த தேதி. பசலி ஆண்டு ஜூலை 1-ல்தான் பிறக்கிறது. “இன்றோடு பசலி 1434 முடிகிறது. நாளைக்கு 1435 பிறக்கும்போது என் நாற்காலியில் வேறொருவர் இருப்பார். நிலுவைக் கோப்புகளின் பட்டியலை மேசையில் வைத்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் போன் செய்யுங்கள். வணக்கம்.” பள்ளிக்கூடத்திலோ மின்வாரியத்திலோ இருப்பவருக்கும் இப்படி அவர் துறை சார்ந்த ஏதாவது ஒன்று கிடைக்கும்.

நேரம் குறைந்துவிட்டால்?

முன்னால் பேசுகிறவர்கள் நேரத்தைத் தின்பது வழக்கம். “ஐயா, சுருக்கமா முடிச்சுக்கலாமா” என்று காதில் சொல்வார்கள். அதற்காக, சேர்ந்த நாள் பகுதியையும் சம்பவத்தின் முன்கதையையும் பேப்பரில் பென்சிலால் கட்டம் போட்டு வையுங்கள். அவற்றைத் தாண்டினால் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடும். நன்றியையும் குடும்பத்தையும் தொடக் கூடாது.

எழுத்து 18 பாயின்ட்டுக்குக் குறையாமல், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், பக்க எண்ணோடு அச்செடுங்கள். போனைப் பார்த்துப் படிப்பது வேண்டாம். நடுவில் யாராவது வாழ்த்துச் சொல்ல அழைப்பார்கள். ஸ்டேப்ளரும் வேண்டாம், மாலையோடு நின்றுகொண்டு பக்கம் புரட்டுவது சிரமம். முந்தைய நாள் மாலை ஒருமுறை சத்தமாகப் படிக்கவைத்து, போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். வீட்டில் ஆறு நிமிடம் வந்தால், கைதட்டலும் தொண்டைச் செருமலும் சேர்ந்து மேடையில் அது ஏழாகிவிடும்.