பழைய குடும்ப நிறுவனத்தின் வணிக அடையாள மாற்றம்

பல தலைமுறைகளாக ஒரே குடும்பம் நடத்திவரும் நிறுவனம் தன் பெயரையோ முத்திரையையோ மாற்றி, அதைக் கடைப் பலகை, பாக்கெட், வாடிக்கையாளருக்கு அனுப்பும் செய்தி ஆகியவற்றில் நடைமுறைக்குக் கொண்டுவருவது வணிக அடையாள மாற்றம் ஆகும். இதனை ரீபிராண்டிங் என்றும் கூறுவர். புதிய முத்திரையை வரைவதைவிட இந்த நடைமுறைப் பகுதியே கடினமானது. செய்தியை ஒரே நாளில் மாற்றலாம். பலகைக்குச் சில நாட்கள் போதும். பாக்கெட் மாறப் பல மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில் ஒரே கடை இரண்டு பெயர்களில் தெரிகிறது. "கடை கைமாறிவிட்டதா? இது போலிச் சரக்கா?" என்ற சந்தேகம் பிறப்பது அப்போதுதான். ஆகவே, மிக மெதுவாக மாறும் பாக்கெட்டை வைத்தே நாள்களைக் குறிக்க வேண்டும்.

பாக்கெட்

எடுத்துக்காட்டாக, நான்கு கிளைகள் கொண்ட ஒரு காப்பித்தூள் கடையைக் கொள்வோம். தாத்தாவின் பெயரோடு 'அன் சன்ஸ்' சேர்ந்த பழைய பெயரைப் பேரப்பிள்ளைகள் சுருக்க விரும்புகின்றனர். கிடங்கில் பழைய பெயர் அச்சிட்ட பிளாஸ்டிக் ரோல் 600 கிலோ இருக்கிறது. 200 கிராம் பாக்கெட்டின் வெற்று உறை ஏறத்தாழ 6 கிராம் எனில், அதில் ஒரு லட்சம் பாக்கெட்டுகள் வரும். மாதம் 25,000 பாக்கெட் விற்றால் நான்கு மாதங்களுக்குப் போதும். நான்காம் மாதக் கடைசியில் அடைத்த பாக்கெட்டுக்கு ஆறு மாதக் காலாவதி என்றால், பத்தாம் மாதம் வரை ஏதாவது ஒரு பெட்டிக்கடையில் பழைய பெயர் தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. புதிய ரோல் வந்துசேர ஒரு மாதம் பிடிக்கும் என்றால், மூன்றாம் மாதம் முடிவதற்குள் அச்சுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஐந்தாம் மாதம் வரும் புதிய பாக்கெட்டில் பழைய பெயரும் சிறிய வரியாக இருக்க வேண்டும். பத்தாம் மாதத்துக்கு முன் அதை நீக்கக் கூடாது.

கிராவூர் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சிலிண்டர் உண்டு. முதல் கட்டத்தில் பழைய நிறத்தையும் படத்தையும் அப்படியே வைத்துக்கொண்டால், பெயர் இடம்பெறும் சிலிண்டரை மட்டும் புதிதாகச் செய்தால் போதும். செலவு குறைவது ஒருபுறம். அதைவிட முக்கியமானது, பலர் பெயரைப் படித்துப் பாக்கெட்டை எடுப்பதில்லை என்பது. நிறத்தையும் படத்தையும் பார்த்தே எடுக்கின்றனர். அமெரிக்காவில் டிராபிகானா பழச்சாறு 2009இல் பெட்டியிலிருந்த ஆரஞ்சுப் படத்தை நீக்கியது. விற்பனை சரியவே, இரண்டே மாதங்களுக்குள் பழைய பெட்டிக்குத் திரும்ப நேர்ந்தது.

பழைய பாக்கெட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் அடிக்கடி எழும். எடை, விலை, தயாரிப்பாளர் முகவரி போன்ற கட்டாய விவரங்களைத் தனி ஸ்டிக்கரால் திருத்த, இந்தியாவின் பொட்டலப் பொருள் விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. காலியான இடத்தில் 'விரைவில் புதிய பெயரில்' என ஒட்டுவது வேறு.

பலகை

தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்பவற்றுக்கு 5:3:2 என்ற விகிதம் கூறப்படுகிறது. முத்திரையை ஆங்கிலத்தில் வரைந்துவிட்டுத் தமிழைக் கீழே செருகுவோர் இங்கே மாட்டிக்கொள்கின்றனர். தமிழ் எழுத்தையே முதலில் வரையச் சொல்வது நல்லது. புதிய பாக்கெட் அலமாரிக்கு வந்த பிறகே அந்தந்தக் கிளையின் பலகையை மாற்ற வேண்டும்.

செய்தி

முதல் அறிவிப்பு பழைய பெயரிலிருந்தே போக வேண்டும். பழகிய பெயர் சொன்னால்தான் புதிய பெயரை நம்புவார்கள். இந்தியாவில் வணிகக் குறுஞ்செய்தியின் அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவுத்தளத்தில் முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் பெற வேண்டும். இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளினால் செய்தி போகாமல் நின்றுவிடும். வாட்ஸ்அப் எண்ணை மாற்றவே கூடாது. வாசகம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். வரும் 1ஆம் தேதி முதல் நம் கடை புதிய பெயரில் இயங்கும். உரிமையாளரும் காப்பிக் கலவையும் மாறவில்லை. பழைய பெயரில் உள்ள பாக்கெட்டுகளும் நம்முடையவையே."

இதில் இணைப்பு எதையும் சேர்க்காமல் இருப்பது நலம். சேர்த்தால் மோசடிச் செய்தி என நினைத்து அழித்துவிடுவார்கள். நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர் மாறாமல் விற்பனைப் பெயர் மட்டும் மாறுகிறதென்றால், பாக்கெட்டில் உள்ள 14 இலக்க உணவு உரிம எண் அப்படியே இருக்கும். ஐயப்படுவோர் பழைய பாக்கெட்டையும் புதியதையும் அருகருகே வைத்து அந்த எண்ணை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மாற்றத்தின் முதல் வாரங்களில் "கடையை விற்றுவிட்டீர்களா?" என்று கேட்பவர்களின் எண்ணிக்கையைக் கல்லாவில் ஒரு தாளில் கோடிட்டுவர வேண்டும். வாரந்தோறும் அது குறையாவிட்டால் அறிவிப்பு போய்ச் சேரவில்லை என்று பொருள். குறுஞ்செய்தி எட்டாத வெளியூர்ப் பெட்டிக்கடைகளின் நிலையை மறு ஆர்டர் காட்டிவிடும். வழக்கமாகப் பதினைந்து நாளுக்கொருமுறை சரக்குக் கேட்கும் கடை ஒரு மாதமாகியும் கேட்கவில்லை என்றால், விற்பனையாளர் பழைய, புதிய பாக்கெட் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போய்வர வேண்டும்.