லட்சுமியும் லெட்சுமியும் ஒருவர்தானா?

ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு பதிவேடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்களுக்கு ஒன்று. காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. எழுதுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள் என்பதால், ஒரே நோயாளி இரண்டிலும் இருப்பது யார் கண்ணிலும் படாமல் போகலாம்.

பட்டாக வேண்டும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், கல்லீரலின் வேலையை முடுக்கிவிடும். கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் அப்போது உடலை விட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடும், சர்க்கரை ஏறும். சர்க்கரைப் பதிவேட்டை மட்டும் பார்க்கிறவருக்கு, அந்த அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்றுதான் தோன்றும். மாத்திரையின் அளவைக் கூட்டிவிட்டு அப்படியே விட்டால், காசநோய் மருந்து முடிந்தபின் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் வரலாம்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். பெயர்கள் கற்பனை. சர்க்கரைப் பதிவேட்டில் 2022இல் எழுதியது: 'மு. லட்சுமி, வயது 52, கணவர் முருகன், வடக்குத் தெரு.' காசநோய்ப் பதிவேட்டில் 2025இல் எழுதியது: 'க. லெட்சுமி, வயது 55, தந்தை கந்தசாமி, மாரியம்மன் கோவில் தெரு.' இரண்டிலும் ஒரே செல்போன் எண்.

முதல் வேலை, ஒப்பிடுவதற்குத் தோதாக விவரங்களைச் சீராக்குவது. வயதை வயதாகவே ஒப்பிட்டால் மூன்று ஆண்டு இடிக்கும். பிறந்த ஆண்டாக மாற்றினால் இரண்டுமே 1970 என்று வரும். 50, 55, 60 என்று முழுசாக வயது சொல்வது வழக்கம் என்பதால், ஓரிரு ஆண்டு வித்தியாசத்தையும் பொறுத்துக்கொள்ளலாம். லட்சுமி, லெட்சுமி, லக்ஷ்மி எல்லாவற்றையும் ஒரே பெயராக எடுத்துக்கொள்ள வேண்டும். இனிஷியல் வேறுபடுவதும் பெரிதல்ல: பெண்களுக்கு ஓரிடத்தில் அப்பா பெயரும் மற்றோரிடத்தில் கணவர் பெயரும் முன்னால் நிற்கும்.

அடுத்து, எந்தப் பொருத்தத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்க்க வேண்டும். லட்சுமி என்ற பெயர் ஊருக்குப் பத்து இருக்கும். அது பொருந்துவதால் பெரிதாக ஒன்றும் உறுதியாகிவிடாது. அபூர்வமான பெயர் பொருந்தினால் அதற்கு மதிப்பு அதிகம். செல்போன் எண் நல்ல சான்றுதான். ஆனால் மாமியாரும் மருமகளும் ஒரே எண்ணைக் கொடுத்திருக்கலாம். இப்படி ஒவ்வொரு விவரத்துக்கும் எடை போட்டுக் கூட்டும் முறைக்கு ஃபெல்லெகி, சன்டர் என்ற இருவர் 1969இல் கணித வடிவம் கொடுத்தார்கள். பதிவுகளை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள்: ஒருவர்தான், வேறு ஆள்தான், சந்தேகம்.

நம் உதாரணத்தில் தெரு வேறு என்பதால் சந்தேகக் கட்டில் வைப்பதே சரி. ஒரே ஆளை இரண்டாக விட்டுவைத்தால் தகவல் விடுபடும். இரண்டு பேரை ஒருவராக்கினாலோ ஒருவருடைய மருந்து இன்னொருவருக்குப் போகும். அதைப் பிரித்தெடுப்பதும் பெரும்பாடு. கிராம சுகாதாரச் செவிலியர் விசாரித்து, அந்த அம்மா மகன் வீட்டுக்குக் குடிபோனவர் என்று உறுதிசெய்த பிறகே சேர்க்க வேண்டும்.

சேர்க்கும்போது, முரண்படுகிற விவரங்களை எப்படிக் கையாள்வது? எடையும் சர்க்கரை அளவும் நாளுக்கு நாள் மாறுபவை. இரண்டையும் தேதியோடு வைத்துக்கொண்டால் போதும். ஒவ்வாமை அப்படியல்ல. ஒன்றில் 'சல்ஃபா ஒத்துக்கொள்ளாது' என்றும் மற்றதில் வெற்றிடமாகவும் இருந்தால், வெற்றிடத்துக்கு 'ஒவ்வாமை இல்லை' என்று பொருள் கொள்ளக்கூடாது. யாரும் கேட்காமலே விட்டிருக்கலாம். எதிரே 'இல்லை' என்றே எழுதியிருந்தாலும், சரிபார்க்கும்வரை எச்சரிக்கை அப்படியே நிற்க வேண்டும்.

ரத்த வகை ஒன்றில் பி பாசிட்டிவ், மற்றதில் ஓ பாசிட்டிவ் என்றால் விஷயம் இன்னும் தீவிரம். ரத்த வகை சாதாரணமாக மாறாது. ஆகவே ஒன்று தவறாக எழுதப்பட்டிருக்க வேண்டும், அல்லது இவர்கள் இரண்டு பேராக இருக்க வேண்டும். சேர்த்ததே சரியா என்று மறுபடி பார்க்க வேண்டிய இடம் இது. கடைசியாக எழுதியதே சரி என்று எடுத்துக்கொள்வது ஆபத்து, ஏனென்றால் பார்த்து எழுதும்போது நேர்ந்த பிழையே அந்தக் கடைசிப் பதிவாக இருக்கலாம். இரண்டையும், எந்தப் பதிவேட்டில் எந்தத் தேதியில் எழுதியது என்ற குறிப்போடு வைத்து, 'சரிபார்க்க' என்று அடையாளமிட்டு, மறுபடி பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

மற்ற முரண்களை அந்த அம்மா அடுத்த முறை மாத்திரை வாங்க வரும்போது தீர்க்கலாம். "உங்களுக்கு மாத்திரை எதுவும் ஒத்துக்காம போகலையேம்மா?" என்று கேட்டால் பலரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "எந்த மாத்திரை போட்டா உங்களுக்கு உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுச்சும்மா?" என்று கேட்டால்தான் விவரம் வரும். வந்த பதிலை, கேட்டவர் பெயரோடும் தேதியோடும் எழுதிவிட்டு அடையாளத்தை எடுக்கலாம். பழைய இரண்டு பதிவு எண்களையும் மட்டும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். சேர்த்தது தவறு என்று பிறகு தெரியவந்தால், திரும்பப் பிரிப்பதற்கு அவை வேண்டும்.